வெப்ப அலையும் புவி வெப்பமாதலும்: தொடர்பைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: வானிலையும் காலநிலையும் ஒன்றுதானே? ஒரு வெப்ப அலைக்குப் புவி வெப்பமாதல்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இரண்டும் வேறு. ஓரிடத்தில் இன்று நிலவும் வெயிலும் மழையும் வானிலை. அவற்றை ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குத் தொகுத்துப் பார்த்தால் தெரியும் பொதுப்போக்கு காலநிலை.

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. தெற்கிலிருந்து வீசிய வெப்பக்காற்று அதன் உடனடிக் காரணம். ஆய்வாளர்கள் ஆராய்ந்ததோ, அத்தகைய வெப்பம் நேர்வதற்கான வாய்ப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை. பழைய வெப்பநிலைப் பதிவுகளைக் கொண்டும், கணினி மாதிரிகளைக் கொண்டும், 2022ஆம் ஆண்டின் உலகை அதைவிட 1.2 டிகிரி குளிர்ந்திருந்த தொழிற்புரட்சிக்கு முந்தைய உலகோடு ஒப்பிட்டு, அந்த வாய்ப்பு குறைந்தது 10 மடங்கு கூடியிருப்பதாகக் கண்டனர்.

"குறைந்தது" என்ற சொல்லை நான் முக்கியமாகக் கருதுகிறேன். புவி வெப்பமாதல் அந்த அலையின் வெப்பத்தைச் சுமார் 2 டிகிரி உயர்த்தியது என்று மாதிரிகளும், 4 டிகிரி உயர்த்தியது என்று பதிவுகளும் காட்டின. மேற்கு ஐரோப்பாவில் கடும் வெப்பம் கூடிவரும் வேகத்தை மாதிரிகள் குறைத்தே மதிப்பிடுகின்றன; ஆகவே வாய்ப்பு உண்மையில் 10 மடங்குக்கு மேலும் கூடியிருக்கலாம்.