வாடகை புதுப்பிக்கும்போது குடியிருப்பவர்களிடம் என்ன கேட்பது?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் எங்களுக்கு ஆறு வாடகை வீடுகள். வருஷம் முடிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால் ‘வேலை மாறிடுச்சு’ என்கிறார்கள். ஒரு சின்னப் படிவம் கொடுத்தால் உண்மை தெரியுமா?

பதில்: ஓரளவு தெரியும். அவர்களுடைய டெபாசிட் உங்கள் கையில் இருக்கிறவரை யாரும் மனம் திறந்து குறை சொல்ல மாட்டார்கள். ‘வேலை மாறிடுச்சு’ என்பது யாரையும் புண்படுத்தாத காரணம், அவ்வளவுதான். ஆறே வீடு என்பதால் பெயர் போடாமல் எழுதச் சொல்வதிலும் பயனில்லை. எழுதியது யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும், அது அவர்களுக்கும் தெரியும்.

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது, புது வாடகையைச் சொல்வதற்கு முன்பே அனுப்புங்கள். வாடகை ஏறுகிறது என்று தெரிந்துவிட்டால் எல்லாப் பதிலும் வாடகையைப் பற்றியே வரும்.

நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் வேண்டாம். எல்லாரும் நாலு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள். நான் உறவினர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவது மூன்றே கேள்விதான்:

எதையாவது எங்களிடம் இரண்டாவது தடவை சொல்ல வேண்டி வந்ததா?

வேறு வீடு பார்க்கலாம் என்று முதலில் எப்போது தோன்றியது, அப்போது என்ன நடந்தது?

இங்கே எது இல்லாமல் போனால் நீங்கள் இருக்க மாட்டீர்கள்?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பதி அதற்கு, “குளியலறைக் கூரையில் தண்ணி ஒழுகினப்போ” என்று எழுதினார்கள். மூன்றாவதற்குப் பதில், “மோட்டார் சைக்கிள் நிறுத்துற இடம்”. அதாவது வீடு பிடித்திருக்கிறது, ஒழுகல்தான் துரத்துகிறது. 2015 அடுக்குமாடி நிர்வாக விதிமுறைப்படி, ஒழுகலைப் பற்றி அறிவித்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை கோளாறு மேல்வீட்டுடையது என்றே எடுத்துக்கொள்ளப்படும். அதனால் எழுத்தில் புகார் கொடுத்தோம். மேல்வீட்டுக்காரர் தரையைச் சரிசெய்தார், இவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. வாடகை 1200 வெள்ளி என்றால், மாதம் 100 வெள்ளி ஏற்றி வருஷம் முழுக்கச் சேர்ப்பதை ஒரே மாதம் காலியாகக் கிடக்கும் வீடு தின்றுவிடும். ஏஜெண்ட் கூலியும் பெயிண்ட் செலவும் தனி.

ஆறு பதிலை வைத்து சதவீதம் போட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு வீட்டில் ஒரே குறை வந்தால் அதை முதலில் எடுங்கள். உண்மையிலேயே வேலை மாறிப் போகிறவரை நம்மால் நிறுத்த முடியாது. அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

போகிறவரிடம் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துச் சில நாள் கழித்து அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் மறுபடி கேளுங்கள். முன்பு எழுதியதும் இப்போது சொல்வதும் வேறாக இருந்தால், பின்னால் வந்ததை நம்புங்கள்.