பாத்துக்கறோம்

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் ஆறு மாதமாக இருக்கிறேன். மும்பையிலிருந்து வரும் ஆங்கில வரிகளைத் தமிழில் எழுதித் தருவதுதான் வேலை. அர்த்தம் பிசகாமல்தான் எழுதுகிறேன், ஆனாலும் ‘பஞ்ச் இல்லை’ என்று திரும்பி வருகிறது. பயிற்சிக்காக நைக்கியின் ‘ஜஸ்ட் டூ இட்’ கொடுத்தார்கள். ‘வெறுமனே செய்’ என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தின் சுருக்கம் தமிழில் வராது என்றே தோன்றுகிறது. நீங்களாக இருந்தால் இதை எப்படி எழுதுவீர்கள்? படிக்க நல்ல புத்தகம் ஏதாவது உண்டா?

ம., கோவை

அன்புள்ள தம்பி,

புத்தகம் இருக்கட்டும். சுருக்கம் தமிழில் வராது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. உங்கள் வீட்டு டிவியில் வருஷக்கணக்காக ஓடிய வரியைக்கூட நீங்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை. யூனிலீவர் தன் சலவைத்தூளுக்கு உலகம் முழுக்க வைத்துக்கொண்ட ஆங்கில வரி ‘டர்ட் இஸ் குட்’. மூன்று சொல். இந்தியாவில் சர்ஃப் எக்ஸலுக்கு அது ‘தாக் அச்சே ஹைன்’ என்று ஹிந்தியில் வந்தது. அதுவும் மூன்று. தமிழில் ‘கறை நல்லது’. இரண்டே சொல். ‘இஸ்’ஸுக்கும் ‘ஹைன்’னுக்கும் தமிழில் வேலையே இல்லை.

அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ‘டர்ட்’ என்பதற்கு அகராதியில் முதலில் கிடைப்பது அழுக்கு. ‘அழுக்கு நல்லது’ என்று எழுதியிருந்தால் எந்த அம்மாவும் முகம் சுளித்திருப்பாள். அழுக்கு என்றால் நமக்குக் குளிக்காத உடம்பு, துவைக்காத காலர், பொறாமை பிடித்த மனசு. ஆங்கிலத்து ‘டர்ட்’டில் குழந்தை புரண்டு விளையாடும் மண்ணும் இருக்கிறது. அதற்காக ‘மண் நல்லது’ என்று போட்டால் உர விளம்பரமாகிவிடும். கறை அப்படியில்லை. அது வெளியிலிருந்து, ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஏதோ ஒன்று நடந்து ஒட்டிக்கொள்வது. அதனால் கறை என்றதுமே ‘என்னடா ஆச்சு?’ என்று கேட்கத் தோன்றும். விளம்பரப் படம் பதில் சொன்னது அந்தக் கேள்விக்குத்தான். தங்கை சேற்றில் விழுந்துவிடுகிறாள், அண்ணன் அந்தச் சேற்றையே போட்டு அடிக்கிறான், சட்டையெல்லாம் கறை. படத்தில் அந்தக் கதை இல்லாவிட்டால் வரி தனியாக நின்றிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கறைக்கு நம்மிடம் இன்னொரு முகமும் உண்டு. கறை படிந்த கை என்கிறோம், குடும்பத்துக்கே கறை என்கிறோம். அப்படிப்பட்ட சொல்லுக்குப் பக்கத்தில் ‘நல்லது’ வந்து உட்காரும்போதுதான் திடுக்கிடுகிறது. ஆங்கிலத்தில் இருந்த கவர்ச்சி அந்தத் திடுக்கிடல்தான், அது இங்கேயும் பிழைத்துக்கொண்டது. ஹிந்தி வரி பன்மையில் இருக்கிறது. அதைப் பார்த்து ‘கறைகள் நல்லவை’ என்று எழுதியிருந்தால் பாடப்புத்தகத்தில் வரும் வாக்கியம் போல விறைத்துப் போயிருக்கும்.

சரி, உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். திரும்பி வருகிறது என்கிறீர்கள். திருப்பி அனுப்புகிறவர் எதைப் படித்துவிட்டு அனுப்புகிறார் என்று பார்த்தீர்களா? உங்கள் தமிழை அவர் படிப்பதில்லை. அதை யாராவது மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்களே, அந்த பேக் டிரான்ஸ்லேஷனைத்தான் படிக்கிறார்.

பதினைந்து வருஷம் முன்னால் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். ‘ஸ்லீப் வெல். வீ ஆர் அவேக்’ என்பது ஆங்கில வரி. மாலைக்குள் தமிழில் மூன்று வரிகள் வேண்டும் என்றார்கள். ‘நிம்மதியாகக் கண்ணை மூடுங்கள்’ என்று முதலில் வந்ததை நானே அடித்துவிட்டேன். ஆயுள் காப்பீட்டில் கண்ணை மூடினால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். அப்போது அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி பக்கத்து வீட்டு மாமா வந்து, ‘நீ வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா, நான் பாத்துக்கறேன்’ என்றார். நான் போய்த் தூங்கினேன், மூன்று நாளில் முதல் முறையாக. அதைத்தான் எழுதினேன்: ‘நீங்க தூங்குங்க. நாங்க பாத்துக்கறோம்.’

பேக் டிரான்ஸ்லேஷனை நான் செய்யவில்லை. யாரோ செய்தார்கள். ‘யூ ஸ்லீப். வீ வில் சீ’ என்று போனது. ஆங்கிலத்தில் ‘வீ வில் சீ’ என்றால் தட்டிக்கழிக்கிற பேச்சு. பணம் கட்டுகிறவனிடம் ‘பார்க்கலாம்’ என்று சொல்வதா என்று வாடிக்கையாளர் கொதித்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் கண்ணில் பட்டது அதுதான்.

‘பார்க்கிறோம்’ என்றால் தட்டிக்கழிப்பது. ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் இனி இது எங்கள் பொறுப்பு, நீங்கள் கவலையை இறக்கி வைக்கலாம். நடுவில் இருக்கும் ஒரு ‘கொள்’தான் அந்தப் பொறுப்பையெல்லாம் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான ஒரு சொல் கிடையாது, அதனால் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது முதலில் உதிர்வதும் அதுதான். (‘உன்னைப் பாத்துக்கறேன்’ என்றால் மிரட்டல். அதனால் அந்த வரியில் யாரை, எதை என்று சொல்லாமல் விட்டேன்.) அதையே எழுத்துத்தமிழில் ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று போர்டில் போட்டால் மாமாவின் குரல் போய் அலுவலகக் கடிதத்தின் குரல் வந்துவிடும்.

கடைசியில் ‘நன்றாக உறங்குங்கள். நாங்கள் விழித்திருக்கிறோம்’ என்று வைத்தார்கள். அதன் பேக் டிரான்ஸ்லேஷன் அச்சு அசலாக ஆங்கில வரியாகவே இருந்தது, எல்லோருக்கும் திருப்தி. பஸ் ஸ்டாண்டில் அந்தப் போர்டைப் பார்த்தபோது எனக்குத் தேவாலயச் சுவரில் படித்த ‘விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்’ ஞாபகம் வந்தது. பயப்படுத்துகிற வரியாக இருந்ததே தவிர, தூங்க வைக்கிற வரியாக இல்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் தீரவில்லை, தம்பி. வரி தோற்றது எனக்குப் பெரிதில்லை. மாமாவின் குரல் மும்பை வரைக்கும் போய்ச் சேரவில்லையே என்பதுதான்.

அதற்கப்புறம் பேக் டிரான்ஸ்லேஷனை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. மூன்று கட்டம் போடுவேன். முதலில் தமிழ் வரி. இரண்டாவதில் சொல்லுக்குச் சொல் ஆங்கிலம், எவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் மாற்றாமல். மூன்றாவதில் இதை வீட்டில் யார், யாரிடம், எப்போது சொல்வார்கள், கேட்டவர் அடுத்து என்ன செய்வார் என்று இரண்டு வாக்கியம். ‘பாத்துக்கறோம்’ என்றால் இப்படி எழுதுவேன்: ‘ஆஸ்பத்திரியில் இரவு தங்க வந்த பெரியவர், களைத்துப்போன மகளிடம் சொல்வது. அவள் அதை நம்பி வீட்டுக்குப் போய்த் தூங்குவாள்.’ வாடிக்கையாளர் முடிவெடுப்பது மூன்றாவது கட்டத்தைப் படித்துத்தான். அந்தக் கட்டத்தில் எழுத உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் வரி இன்னும் தமிழாகவில்லை. மும்பைக்கு அனுப்பாதீர்கள், உட்கார்ந்து வேறு எழுதுங்கள்.

‘வெறுமனே செய்’யை அதில் போட்டுப் பாருங்களேன். நம் வீட்டில் ‘வெறுமனே’ என்றால் காரணமில்லாமல், சும்மா. தயங்காதே என்று சொல்ல வந்த வரி, ஏதோ பொழுதுபோகாமல் செய் என்கிறது. ‘செஞ்சிடு’ என்று போனால் இன்றைய பையன்களுக்கு ஆளை அடித்துவிடு என்று கேட்கும். 1988-இல் வந்த அந்த வரியை நைக்கியே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் விட்டு வைக்கிறது. நானாக இருந்தாலும் அதில் கை வைக்க மாட்டேன். பயிற்சிக்கு அதைக் கொடுத்தவரிடம் ஒரு குக்கர் வரியோ வங்கி வரியோ கேட்டு வாங்குங்கள். மூன்று கட்டமும் நிரப்பி எனக்கு அனுப்புங்கள், மூன்றாவதைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
அக்கா