ஒரு கால் ஷூ மட்டும் ஏன் கிழிகிறது? ஸ்கேட் ஷூ கேள்வி-பதில்

நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்கேட் ஷூ, ஆறே வாரத்தில் இடது காலில் சுண்டுவிரல் பக்கம் ஓட்டையாகிவிட்டது. வலது காலில் மேல்பகுதி புதுசு போலவே இருக்கிறது. போலிச் சரக்கா, இல்லை தயாரிப்புக் குறையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. நீங்கள் இடது காலை முன்னால் வைத்து ஸ்கேட்போர்டு ஓட்டுகிறீர்கள், கையால் பிடிக்காமல் போர்டோடு மேலே குதிக்கும் ஆலி நிறையப் பழகுகிறீர்கள். அந்த ஓட்டை சொல்வது அவ்வளவுதான்.

போர்டின் மேல் ஒட்டியிருக்கும் கிரிப் டேப், சிலிக்கன் கார்பைடு துகள் பதித்த உப்புத்தாள். பெரும்பாலானவை 80 நம்பர் சொரசொரப்பில் வருகின்றன. தச்சர்கள் மரத்தைத் தேய்த்து எடுக்கப் பயன்படுத்தும் முரட்டு ரகம் அது. ஆலி அடிக்கும்போது பின்கால் போர்டின் பின்நுனியான டெயிலைத் தரையில் தட்டுகிறது, முன்நுனியான நோஸ் மேலே எழும்புகிறது. அந்த நொடியில் முன்கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, போர்டின் நடுவிலிருந்து நோஸ் வரைக்கும் உரசிக்கொண்டே ஏறுகிறது. அந்த உரசல்தான் போர்டைக் காலோடு மேலே இழுத்து மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. உரசாமல் ஆலி வராது. ஒவ்வொரு முறையும் உப்புத்தாளில் படுவது சுண்டுவிரல் மூட்டுக்கு வெளியே இருக்கும் அதே நாணய அளவு இடம். போர்டைக் காற்றில் சுழற்றும் கிக்ஃப்ளிப் பழகுகிறவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் முன்னால் தள்ளி, விரல் நுனியை நோக்கி வரும்.

தேய்மானம் ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் ஸ்வேட் தோலின் மேலிருக்கும் மென்மயிர் போய் அந்த இடம் வழவழப்பாகும். பிறகு தையல் நூலில் பஞ்சு பஞ்சாகப் பிசிறு எழும். அடுத்து ஒரு தையல் அறும். பக்கத்துத் தையல்கள் தளர்ந்து, மேல் அடுக்கின் ஓரம் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரத்தைக் கிரிப் டேப் ஒவ்வொரு ஆலியிலும் பிடித்து இழுக்கும். அதன் பிறகு உள்துணி வரை போக சில நாள் போதும். ஆகவே கவனிக்க வேண்டியது ஓட்டையை அல்ல, பிசிறை.

வலது காலின் மேல்பகுதி நன்றாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தரையை உந்துவதும், காலை இழுத்து நிறுத்துவதும் அந்தக் கால்தான் என்பதால் முன்பாதத்தின் கீழே சோல் தேய்ந்திருக்கும்.

தயாரிப்புக் குறை என்றால் அடையாளம் வேறு. கிரிப் டேப் தொடாத இடத்தில், உதாரணமாகக் குதிகாலிலோ உள்பக்கத்திலோ, ரப்பர் சுத்தமாகப் பிரிந்து உள்ளே பசை பளபளவென்று தெரியும். அப்படியானால் கடையில் திருப்பிக் கேட்கலாம். சுண்டுவிரல் ஓட்டைக்கு எந்தக் கடையும் மாற்றித் தராது.

வாரத்தில் நாலைந்து நாள் ஆலியும் கிக்ஃப்ளிப்பும் பழகுகிறவருக்கு ஒரு ஜோடி இரண்டு மாதம் உழைத்தால், அது நல்ல ஷூ என்றே சொல்வோம்.

அப்படியென்றால் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? "மூன்று வரிசைத் தையல்" என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. தையல் எத்தனை வரிசை என்பதைவிட, அது எங்கே ஓடுகிறது என்பது முக்கியம். ஷூவைக் கையில் எடுத்து, சுண்டுவிரல் வரும் இடத்தில் விரலை வைத்துத் தடவுங்கள். அங்கே இரண்டு தோல் துண்டுகள் சந்தித்து, நூல் மேலே புடைத்து நிற்கிறதா? அப்படியானால் மூன்று வரிசை போட்டிருந்தாலும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அறுபடும்; தோலை விட்டு மேலே எழும்பி நிற்கும் நூலைத்தான் உப்புத்தாள் முதலில் கடிக்கும். இரண்டாவது, மூன்றாவது வரிசையால் கிடைப்பது கொஞ்ச நாள் அவகாசம். முன்பகுதி முழுவதும் ஒரே தோலில், தையலே இல்லாமல் வளைந்து வந்திருந்தால் அதை எடுங்கள். எங்கள் கணக்கில் அது எந்தத் தையலையும்விட மேல்.

பொருளில் ஸ்வேட்தான் முதல் தேர்வு. அது மேலிருந்து அடி வரை நாராகவே இருப்பதால், தேயத் தேயப் புது நார் வெளிவரும். கேன்வாஸ் நெய்த துணி. ஒரு இழை அறுந்தால் பக்கத்து இழைகளும் நழுவும். மேற்பூச்சு கொண்ட வழவழப்பான தோலில் பூச்சு உரியும்வரை கால் வழுக்கும்.

சில ஷூக்களில் ஸ்வேட்டுக்குக் கீழே, தேயும் இடத்தில் மட்டும் ஒரு ரப்பர் அடுக்கு வைத்திருப்பார்கள். தோல் தேய்ந்தாலும் கால்விரலுக்கு முன் இன்னொரு சுவர் இருக்கும். வெளியில் தெரியாது. உள்ளே விரலை விட்டு, வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தால் அந்த இடம் மட்டும் தடிமனாக இருப்பதை உணரலாம்.

இந்தப் பக்கவாட்டுப் பாதுகாப்பு ஸ்கேட் ஷூவில் ஆரம்பத்தில் கிடையாது. 1966இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஷூக்களை 1970களில் ஸ்கேட்டர்கள் விரும்பி வாங்கியதற்குக் காரணம், போர்டில் ஒட்டிக்கொள்ளும் அதன் தடித்த ரப்பர் சோல். அதே பத்தாண்டின் இறுதியில் ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் ஆலியைக் கொண்டுவந்தார். ராட்னி மல்லன் 1980களின் தொடக்கத்தில் அதைச் சமதரைக்கு மாற்றினார். அதன் பிறகுதான் சோலைப் போலவே மேல்பகுதியும் தேய ஆரம்பித்தது.

வல்கனைஸ்டு சோல், கப் சோல் – இரண்டில் எது அதிக நாள் வரும்?

வல்கனைஸ்டு ஷூவில் மேல்பகுதியையும் சோலையும் சுற்றி ஒரு ரப்பர் பட்டையை ஒட்டி, முழு ஷூவையும் சூட்டில் வேகவைத்து இறுக்குவார்கள். சோல் மெலிசாக, வளைந்து கொடுக்கும். போர்டு காலுக்குக் கீழே எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பலவீனம் அந்தப் பட்டை. முன்பாதம் மடங்கும் இடத்தில் அது விரிசல் விட்டுப் பிரியும்.

கப் சோல் என்பது கிண்ணம் மாதிரி வார்த்த ரப்பர். மேல்பகுதியை அதற்குள் உட்காரவைத்து ஒட்டி, சுற்றுச்சுவரைத் தைத்துவிடுவார்கள். தடிமன் அதிகம், படிக்கட்டிலிருந்து குதிப்பவர்களின் குதிகாலுக்கு நல்லது. ஆனால் சுற்றுச்சுவரில் ஓடும் அந்த நூல், ஆலி உரசும் இடத்தில் அறுந்துவிடும். பசை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அதுவும் விட்டால் ஷூ வாயைத் திறக்கும்.

மொத்த ஆயுளில் கப் சோல் கொஞ்சம் முந்தும். ஆலி பழக ஆரம்பித்திருப்பவருக்கு நாங்கள் வல்கனைஸ்டையே சொல்வோம். போர்டைக் காலில் உணராமல் பழகுவது கடினம். எதை வாங்கினாலும் பைக்கின் பெட்டியிலோ மூடிய காரிலோ வெயிலில் விடாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகும்.

ஓட்டை விழுந்த ஷூவைச் சரிசெய்ய முடியுமா? ஃபெவிக்விக் போட்டேன், இரண்டு நாளில் உடைந்துவிட்டது.

ஃபெவிக்விக் காய்ந்தால் கண்ணாடி போல இறுகும். ஷூ ஒவ்வொரு அடியிலும் மடங்குகிறது, ஆகவே வெடிக்கத்தான் செய்யும். அறுந்த நூலின் நுனி மேலும் பிரியாமல் இருக்க ஒரே ஒரு சொட்டு வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். சூட்டுப் பசைக் குச்சியும் இதற்கு ஆகாது, உரிந்து வந்துவிடும்.

உங்கள் ஷூவில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை, பக்கத்தில் நாலைந்து தையல் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தையல். மெழுகு தடவிய நைலான் நூலால், பழைய துளைகளின் வழியாகவே தையுங்கள். புதுத் துளை போட்டால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று தையல் தள்ளித் தொடங்கி முடியுங்கள். கப் சோலின் சுற்றுச்சுவர் என்றால் ஷூ தைப்பவரிடம் கொடுங்கள்; அவருடைய குத்தூசிக்குத்தான் அந்த ரப்பர் வழிவிடும். நூல் பள்ளத்துக்குள்ளே படிய வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். மேலே நின்றால் ஒரே வாரத்தில் அறுந்துவிடும்.

அடுத்து உள்பக்க ஒட்டு. பழைய ஷூவின் ஸ்வேட் துண்டை, ஓட்டையைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, ஓரங்களைப் பிளேடால் மெலிதாகச் சீவுங்கள். சீவாவிட்டால் அந்த விளிம்பு சுண்டுவிரலில் கொப்புளம் போடும். ஷூ தைக்கும் கடைகளில் பயன்படுத்தும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலோடு வரக் கூடாது. அப்போது உள்ளேயிருந்து அழுத்தி ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பலருக்கு இது பிரிகிறது.

கடைசியில் வெளிப்பூச்சு. இதற்கு ஷூ கூ போன்ற, காய்ந்த பிறகும் ரப்பராக வளையும் பசை வேண்டும். இடத்தைப் பிரஷால் தட்டி, சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ரப்பர் பகுதியாக இருந்தால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தடவி, ஈர விரலாலோ ஐஸ் கட்டியாலோ சமப்படுத்துங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே காயாது. மெல்லிய இரண்டு பூச்சே நல்லது. குறைந்தது ஒரு நாள், முடிந்தால் மூன்று நாள் காயவிட்ட பிறகு ஓட்டுங்கள். இந்தப் பசைகளின் ஆவி தலைசுற்ற வைக்கும், தீப்பற்றும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பறை வேண்டாம்.

இந்த வெளிப்பூச்சை ஓட்டை விழும் முன்பே, நூலில் பிசிறு தெரிந்த அன்றே போட்டால் தையலும் ஒட்டும் தேவைப்படாது. பூச்சு தேய்ந்ததும் அதன் மேலேயே அடுத்த பூச்சு போடலாம்.

புது ஷூ, புது கிரிப் டேப் இரண்டும் சேர்த்து வாங்கலாமா?

வாங்கலாம், ஒரே நாளில் பயன்படுத்தாதீர்கள். புது டேப்பின் துகள் முனைகள் மழுங்காமல் இருக்கும். முதல் ஒரு வாரம் பழைய ஷூவோடு ஓட்டுங்கள். அல்லது ஒட்டும்போது வெட்டி எறியும் டேப் துண்டையே முகத்தோடு முகம் வைத்து, முன்கால் ஏறும் பகுதியில் லேசாகத் தேயுங்கள். முழுக்கத் தேய்த்துவிடாதீர்கள், பின்காலுக்குப் பிடி வேண்டும்.

சோல் தேயவில்லை, ஆனாலும் கால் வழுக்குகிறது.

தூசிதான். ஸ்கேட் ஷூவின் அடி தட்டையாக, ஆழமில்லாத கோடுகளோடு இருப்பதே அதிகபட்ச ரப்பர் டேப்பைத் தொட வேண்டும் என்பதற்காக. மணல் ஏறினால் அந்தத் தொடுகை போய்விடும். ஈரத் துணியால் அடியைத் துடைத்து, முழுக்கக் காய்ந்ததும் ஏறுங்கள். துடைத்த பிறகும் வழுக்கினால் முன்பாதத்தின் கீழே பாருங்கள். கோடுகள் அழிந்து, அழுத்தினால் விரலை உணரும் அளவுக்கு ரப்பர் மெலிந்திருந்தால் அந்த ஷூ முடிந்தது. தோலுக்கு ஒட்டுப் போடலாம், இதற்கு வழியில்லை. பிடிக்கும் ரப்பர் மென்மையாகத்தான் இருக்க வேண்டும், மென்மையானது சீக்கிரம் தேயும்.

ஷூவைவிட லேஸ்தான் எனக்கு அடிக்கடி அறுகிறது.

கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது துளைகளில், வெளிப்பக்கம்தானே? அந்த இடத்தில் லேஸ் மேலே வராமல் உள்ளுக்குள்ளேயே அடுத்த துளைக்குப் போகும்படி கோத்துவிடுங்கள், அல்லது அந்தத் துளையையே விட்டுவிடுங்கள். ஷூவின் பிடி குறையாது.