எப்போக் எண்ணைச் சேலம் நேரமாக மாற்றுதல்: கேள்வி பதில்

ஜவ்வரிசி ஆலைக் கணக்காளர், ஆத்தூர்: எடைமேடைக் கணினியிலிருந்து எடுத்த கோப்பில் நேரம் 1711920600 என்பது போல ஓர் எண்ணாக இருக்கிறது. எக்செல்லில் மாற்றினால், ஏப்ரல் முதல் தேதி அதிகாலை வந்த கிழங்கு லோடு மார்ச் 31 இரவு என்று காட்டுகிறது. ஆடிட்டர் ஏற்க மறுக்கிறார்.

ஆடிட்டர் மறுப்பது நியாயம்தான். அந்த லோடு அடுத்த நிதியாண்டைச் சேர்ந்தது. எப்போக் எண் எனப்படும் இந்த எண், 1970 ஜனவரி 1 நள்ளிரவு தொடங்கிக் கடந்த வினாடிகளின் எண்ணிக்கை. அந்த நள்ளிரவு யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி கணக்கிடப்படுவது, நம்முடையது அன்று. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம், அதாவது 19800 வினாடி, முன்னால் இருக்கிறோம். அதைக் கூட்டாமல் விட்டதால் அதிகாலை 3:00 மணி முந்தைய நாள் இரவு 9:30 ஆகிவிட்டது.

```
=(A2+19800)/86400+25569
```

86400 என்பது ஒரு நாளின் வினாடிகள். 25569 என்பது 1970 ஜனவரி 1-க்கு எக்செல் வைத்திருக்கும் நாள் எண். உங்கள் எண்ணை இட்டால் 45383.125 கிடைக்கும். முழு எண் 2024 ஏப்ரல் 1; .125 என்பது நாளில் எட்டில் ஒரு பங்கு, ஆகவே அதிகாலை 3:00. கட்டத்தின் வடிவத்தை `dd-mm-yyyy hh:mm:ss` என்று மாற்றினால் தேதியாகத் தெரியும்.

இந்தப் பிழை பல மாதங்கள் கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. பகலில் வரும் லோடுகளுக்கு மணி மட்டும் தவறும், தேதி சரியாகவே இருக்கும். நள்ளிரவுக்கும் காலை 5:30-க்கும் இடையில் எடை போட்டவை மட்டுமே முந்தைய நாளுக்குப் போகும். எனவே சோதிப்பதற்கு 1711909800 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். 01-04-2024 00:00:00 என்று துல்லியமாக வர வேண்டும்.

யூடிசியிலிருந்து நமக்குள்ள நேர வித்தியாசத்தையும் காட்ட வேண்டுமானால், மாற்றிய நேரம் B பத்தியில் இருப்பதாகக் கொண்டு, அடுத்த பத்தியில் இதை எழுதுங்கள். `+05:30` என்பதைக் கட்டத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்தால் எக்செல் அதை அப்படியே உரையாக வைத்துக்கொள்ளாது.

```
=TEXT(B2,"yyyy-mm-dd hh:mm:ss")&"+05:30"
```

எண் இருந்த பழைய பத்தியை அழிக்க வேண்டாம். தகராறு வரும்போது சாட்சி அது ஒன்றுதான்.

கொலுசுப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை: என் கோப்பில் 13 இலக்கம் இருக்கிறது. சூத்திரம் போட்டால் வெறும் ##### வருகிறது.

அவை மில்லி வினாடிகள். முதலில் 1000 ஆல் வகுத்துவிட்டு மேலே சொன்ன சூத்திரத்தைப் போடுங்கள். இதற்கு நேர்மாறாக, 10 இலக்க எண்ணை 1000 ஆல் வகுத்துவிட்டவர்களுக்கு எல்லாப் பதிவும் 1970 ஜனவரியிலேயே நிற்கும்.

உங்களுக்கு வேறோர் ஆபத்தும் இருக்கிறது. சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்து சேமிக்காதீர்கள். 13 இலக்க எண்ணை அது 1.71192E+12 என்று சுருக்கிக் காட்டும். சேமிக்கும்போது அந்தச் சுருக்கத்தையே கோப்பில் எழுதிவிடும். பிறகு அதிகாலை 3:00 என்பது 2:50 ஆகும். அதற்கு அடுத்து வரக்கூடிய நேரம் 5:36:40 தான், இடையில் நடந்தவை எல்லாம் இவ்விரண்டில் ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். 2 மணி 46 நிமிடம் 40 வினாடி இடைவெளியில் பதிவுகள் கொத்துக் கொத்தாக நின்றால் இதுதான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதன்பின் மீட்க வழியில்லை, மூலக் கோப்பைத்தான் மறுபடி எடுக்க வேண்டும். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, அந்தப் பத்தியை உரை என்று குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பார்சல் அலுவலக ஊழியர், ஐந்து ரோடு: எங்கள் பட்டியலிலும் தேதி மாறுகிறது. ஏப்ரல் 1 என்பது ஜனவரி 4 என்று வருகிறது.

இது எப்போக் எண்ணோடு தொடர்பில்லாதது. கணினியின் வட்டார அமைப்பு, மாதத்தை முன்னால் வைக்கும் அமெரிக்க முறையில் இருக்கிறது, அதை மாற்றுங்கள்.

காப்பித் தோட்ட மேலாளர், ஏற்காடு: வானிலைக் கருவியின் தரவுக்கு 19800 கூட்டினேன். சூத்திரம் சரியாக இருந்தும் நேரம் நம்பும்படி இல்லை.

சூத்திரத்தைச் சந்தேகிக்கும் முன் கருவியின் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். பொருத்தியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நம் நேரத்தை வைத்துவிட்டு, மண்டலத்தை யூடிசி என்றே விட்டிருந்தால், எண்ணிலேயே ஐந்தரை மணி நேரம் கூடியிருக்கும். நீங்கள் இரண்டாம் முறை கூட்டுகிறீர்கள்.

இதை அறியச் சூரியனே போதும். மேகமில்லாத சில நாட்களின் வெயில் அளவை எடுத்து வரைபடமாக்கிப் பாருங்கள். நம் நாட்டு நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்தது. ஏற்காடு ஏறக்குறைய 78.2 பாகையில் இருப்பதால், அங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12:17 வாக்கில் வரும், பருவத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் முன்பின் ஆகலாம். உங்கள் வரைபடத்தில் உச்சி மாலை ஆறு மணியை நெருங்கி நின்றால் இருமுறை கூட்டியாயிற்று. 19800-ஐச் சூத்திரத்திலிருந்து நீக்குங்கள். அதற்குப் பதிலாக எப்போக் பத்தியை உண்மையான யூடிசியாக்க வேண்டுமானால், அதிலிருந்து 19800-ஐக் கழித்துவிட்டு, சூத்திரத்தை அப்படியே விடுங்கள். இடையில் யாராவது கடிகாரத்தைத் திருத்தியிருந்தால், உச்சி திடீரென்று இடம் மாறும் நாளைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாகத் திருத்த வேண்டும்.

படுக்கை விரிப்பு ஏற்றுமதியாளர், சேலம்: ஜெர்மனி ஆர்டர்களை அவர்கள் நேரத்தில் காட்ட 3600 கூட்டினால் போதுமா?

குளிர்காலத்தில் போதும், கோடையில் 7200 வேண்டும். 2024-இல் அவர்கள் மார்ச் 31 அன்று கடிகாரத்தை முன்னே நகர்த்தி, அக்டோபர் 27 அன்று பின்னே இழுத்தார்கள். நிலையான எண்ணைக் கூட்டாமல் மண்டலப் பெயரைக் கொடுங்கள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் என்றால் இப்படி:

```
SELECT to_timestamp(ts) AT TIME ZONE 'Europe/Berlin'
FROM orders;
```

அந்த அக்டோபர் நாளில் 1729989000, 1729992600 ஆகிய இரண்டு எண்களும் அங்கே 02:30 என்றே வரும். முதலாவது `+02:00`, இரண்டாவது `+01:00`. வித்தியாசப் பத்தி இல்லாவிட்டால் எந்த ஆர்டர் முந்தியது என்று சொல்ல முடியாது.

மென்பொருள் பணியாளர், சூரமங்கலம்: ஜெர்மனி சரி, நமக்கு ஒரே நேரம்தானே? வித்தியாசப் பத்தி வீண். நான் AT TIME ZONE '+05:30' என்று எழுதிவிட்டு மேலே போகிறேன்.

நமக்கு வித்தியாசம் மாறுவதில்லை என்பது சரி, தம்பி. ஆனால் நீங்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்தீர்களா? அந்த இடத்தில் போஸ்ட்கிரஸ் குறியைத் தலைகீழாக, கிரீன்விச்சுக்கு மேற்கே என்று பொருள்கொள்கிறது. ஆத்தூர் லோடு மார்ச் 31 மாலை 4:00 ஆகிவிடும், 11 மணி நேரப் பிழை. `'Asia/Kolkata'` என்று எழுதுங்கள்.

சூரமங்கலம், மீண்டும்: குறியை ஒப்புக்கொள்கிறேன். பத்தி வேண்டும் என்பதை அல்ல. கணக்கர்கள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒருமுறை கூட்டுகிறார்கள்.

ஆத்தூர் கணக்காளர்: நாங்கள் கூட்டுவதில்லை. பத்தி இல்லாததால்தான் ஆடிட்டரிடம் மாட்டிக்கொண்டோம்.

கோப்பு ஆலைக்குள்ளேயே இருக்குமானால் தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. வெளியே போகும் கோப்புக்கு நான் பத்தியை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏற்றுமதியாளரின் அன்றாட அறிக்கை சேலத்து நாளையா, ஜெர்மனி நாளையா பின்பற்ற வேண்டும் என்பது இன்னும் பெரிய வழக்கு. அதை ஒப்பந்தம் போட்டவர்கள்தான் தீர்க்க வேண்டும்.

புதியவர், ஓமலூர்: எனக்கும் ஐந்தரை மணி நேரம் குறைகிறது. மைஎஸ்க்யூஎல்.

முதல் பதிலைப் படியுங்கள். கூட்டும் முன் `SELECT @@session.time_zone;` ஓட்டுங்கள்: `+05:30` என்றிருந்தால் `FROM_UNIXTIME` தானே கூட்டிக்கொள்ளும், `SYSTEM` என்றால் சர்வரின் மண்டலத்தைப் பாருங்கள். சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள்.