ஒரே வீட்டில் ஒரு கடத்தல்காரர், ஒரு மதுவிலக்கு அதிகாரி: இரண்டு கோட்பாடுகளையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: நான் பி.ஏ. சமூகவியல் முதலாண்டு மாணவி. ஸ்ட்ரெய்ன் தியரியையும் சோஷியல் லேர்னிங் தியரியையும் ஒப்பிடச் சொல்லிக் கேள்வி வருகிறது. எனக்கு ஒன்று ‘வறுமையால் குற்றம்’, மற்றது ‘கெட்ட சகவாசத்தால் குற்றம்’ என்றுதான் புரிந்திருக்கிறது. இவ்வளவுதானா? ஒரு உதாரணத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

பதில்: இரண்டாவது, பாதியளவு சரி. முதலாவதை அப்படியே எழுதினால் மார்க் போய்விடும். வறுமை குற்றத்தைக் கொண்டுவருகிறது என்று ஸ்ட்ரெய்ன் தியரியை முன்வைத்த அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சொல்லவில்லை. 1938-ல் எழுதிய கட்டுரையில், வறுமை மட்டும் இருந்தால் போதாது என்றே வாதிட்டார். ஏழைகள் பெருகிக் கிடந்தும் குற்றம் குறைவாக இருக்கிற சமூகங்கள் உண்டு. பணக்காரராவது உனக்கான இலக்கு அல்ல என்று ஒரு சமூகம் ஏழையிடம் சொல்லிவிட்டால், அவன் கஷ்டப்படுவான். ஆனால் மெர்ட்டன் சொல்லும் ஸ்ட்ரெய்ன், அதாவது அழுத்தம், அங்கே வராது. அமெரிக்காவோ எல்லோரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசியது: யாரும் முன்னுக்கு வரலாம், வராவிட்டால் தவறு உன்மேல்தான். இலக்கு எல்லோருக்கும் பொது. அதை அடையும் வழியான படிப்பு, நல்ல வேலை, முதல் ஆகியவை சிலருக்கு மட்டும். இந்த இடைவெளிதான் அழுத்தம்.

அந்த இடைவெளியில் நிற்பவர் என்ன செய்வார் என்பதற்கு மெர்ட்டன் ஐந்து வழிகள் சொல்கிறார். இலக்கையும் வழியையும் ஏற்றுக்கொண்டு போகிறவர்கள்தான் பெரும்பான்மை. இலக்கை வைத்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றுகிறவர் இரண்டாமவர். பணக் குற்றங்கள் பெரும்பாலும் இங்கே வரும். இலக்கைக் கைவிட்டு, விதியை மட்டும் பிடித்துக்கொண்டு கோப்புகளைத் தள்ளுகிற குமாஸ்தா மூன்றாமவர். இரண்டையும் விட்டு ஒதுங்குகிறவர் நான்காமவர். இரண்டையும் தூக்கியெறிந்து வேறு இலக்கு, வேறு வழி கேட்கிறவர் ஐந்தாமவர். பாடப்புத்தகத்தில் இதற்குக் கூட்டல், கழித்தல் குறி போட்ட அட்டவணை இருக்கும். அதை மனப்பாடம் செய்வதைவிட, இரண்டாவது வழியை ஒரு உதாரணத்தில் பொருத்திக் காட்டுவது மேல்.

உதாரணத்தை மெர்ட்டனே கொடுத்திருக்கிறார். அந்தக் கட்டுரையில் சிகாகோவின் சாராயக் கடத்தல்காரர் அல் கபோன் பெயர் வருகிறது. கபோன் 1899-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள், அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. பையன் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டான். அப்புறம் சில்லறை வேலைகள். 1920-ல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. குடிப்பவர்கள் இல்லாமல் போய்விடவில்லை, விற்பதுதான் சட்டவிரோதமாயிற்று. சிகாகோவில் அந்த வியாபாரத்தில் கபோன் பெரும் பணம் பார்த்தார். எல்லோரும் துரத்தச் சொல்லப்பட்ட அதே செல்வம், அதே பகட்டு. வழி மட்டும் வேறு. மெர்ட்டனின் கண்ணில் கபோன் அமெரிக்கக் கனவுக்கு எதிரி அல்ல, அதை நம்பியவர்.

இப்போது அதே குடும்பத்தில் இன்னொருவரைப் பாருங்கள். மூத்த அண்ணன் வின்சென்சோ பதின்ம வயதிலேயே வீட்டை விட்டு மேற்கே போய்விட்டார். பெயரை ரிச்சர்ட் ஹார்ட் என்று மாற்றிக்கொண்டு, நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் குடும்பமாகி, என்ன வேலை பார்த்தார் தெரியுமா? மதுவிலக்கு அதிகாரி! தம்பி சிகாகோவில் சாராயம் விற்ற காலத்தில், அண்ணன் துப்பாக்கியோடு சாராய அடுப்புகளைத் தேடி உடைத்துக்கொண்டிருந்தார்.

அதே பெற்றோர், அதே ஏழை வீடு. மெர்ட்டனை வைத்து இந்த அண்ணன் தம்பியைப் பிரிக்க முடியாது. அது அவர் கோட்பாட்டின் குறை என்று உடனே எழுதிவிடாதீர்கள். அவர் கேட்ட கேள்வியே வேறு: சமூகத்தின் சில இடங்களில் விதிமீறல் ஏன் அதிகம்? தனி ஆள் ஏன் இந்த வழியை எடுத்தார் என்பது அவர் குறி அல்ல.

அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வருவது சோஷியல் லேர்னிங் தியரி என்கிற சமூகக் கற்றல் கோட்பாடு. வேர் அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லாண்டிடம் இருக்கிறது. குற்றமும் மற்ற நடத்தைகளைப் போலப் பழகித்தான் வருகிறது, அதுவும் நெருங்கிய வட்டத்தில் என்றார். கற்பது இரண்டு: செய்யும் நுட்பம், செய்வதற்கான நியாயம். சட்டத்தை மீறலாம் என்கிற பேச்சு, மீறக்கூடாது என்கிற பேச்சைவிட ஓங்கும்போது ஆள் மீறுகிறார். எத்தனை முறை, எவ்வளவு காலம், எந்த வயதிலிருந்து, எவ்வளவு நெருக்கமானவரிடமிருந்து கேட்டார் என்பதெல்லாம் கணக்கு. 1966-ல் ரொனால்ட் ஏக்கர்ஸ், ராபர்ட் பர்ஜஸ் இருவரும் இதோடு பரிசு, தண்டனை என்கிற பகுதியைச் சேர்த்தார்கள். செய்ததற்குப் பலன் கிடைத்தால் நடத்தை நிலைக்கும்.

கபோனிடம் இது ஒவ்வொன்றாகப் பொருந்தும். புரூக்ளினில் அவருக்கு ஜானி டோரியோ என்கிற மூத்த கும்பல்காரரின் பழக்கம் கிடைத்தது. பிற்பாடு டோரியோதான் அவரை சிகாகோவுக்கு அழைத்துக்கொண்டார். வியாபாரத்தை நடத்தும் விதம் அவரிடம் கற்றது. 1925-ல் டோரியோ சுடப்பட்டுப் பிழைத்து ஒதுங்கியபோது, பொறுப்பு கபோனிடம் வந்தது. நியாயமும் தயாராக இருந்தது: மக்கள் கேட்பதை விற்கும் வியாபாரிதான் நான் என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பலனோ கையில். பெரிய தண்டனை 1931 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் வருமான வரி வழக்கில், 11 ஆண்டு. அண்ணனோ டோரியோ வட்டத்துக்கு வெளியே, வேறு மனிதர்களிடையே ஆளானவர். ஒரு குடும்பம் கோட்பாட்டை நிரூபித்துவிடாது, ஆனால் எந்தக் கோட்பாடு எங்கே பேசுகிறது என்பதைக் காட்டிவிடும்.

குறைகளை எழுதும்போது சும்மா ‘இதற்கு விமர்சனம் உண்டு’ என்று போகாதீர்கள். வழியெல்லாம் திறந்திருக்கிற பணக்காரர் ஏன் ஏமாற்றுகிறார் என்பதில் மெர்ட்டன் தடுமாறுகிறார். சதர்லாண்ட் 1949-ல் அமெரிக்காவின் 70 பெரிய கம்பெனிகளின் சட்டமீறல்களை ஆராய்ந்து நூல் எழுதியது இங்கே குத்தும். வறுமையை வைத்து அவற்றை விளக்க முடியாது. பழக்கத்தை வைத்து விளக்கலாம். எதிர்ப்பக்கம், கற்றல் கோட்பாட்டிடம் கேட்க வேண்டியது: முதல் ஆளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? டோரியோக்கள் ஏன் அந்தத் தெருவில் இருந்தார்கள், பணக்காரர் தெருவில் இல்லை? இதற்குப் பதில் சொல்லச் சமூக அமைப்பைத்தான் பார்க்க வேண்டும், அதாவது மெர்ட்டன் பக்கம் திரும்ப வேண்டும்.

இரண்டையும் இணைத்தவர்கள் ரிச்சர்ட் கிளவர்ட், லாயிட் ஓலின் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர்கள், 1960-ல். நேர்வழி மட்டுமல்ல, குறுக்கு வழியும் எல்லோருக்கும் திறந்திருக்காது என்றார்கள். அழுத்தம் இருந்தும் டோரியோ கிடைக்காத பையன் பெரிய கடத்தல்காரன் ஆக முடியாது. தெருச் சண்டையிலோ போதையிலோ முடியலாம். ஒப்பீட்டு விடையில் இவர்களுக்கு ஒரு பத்தி கொடுத்தால், நீங்கள் இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

இரண்டு இடங்களில் கவனம். ‘ஸ்ட்ரெய்ன்’ என்றதும் மன உளைச்சல், கோபம் என்று எழுதினால் அது மெர்ட்டன் அல்ல, 1992-ல் ராபர்ட் அக்னியூ விரித்த வடிவம். பெயர் சொல்லி எழுதினால் தவறில்லை. அதேபோல உளவியல் தாளில் ‘சோஷியல் லேர்னிங்’ என்றால் ஆல்பர்ட் பண்டூரா. குற்றவியல் கேள்விக்கு பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்துக் குழந்தைகளும் அடித்த அவருடைய சோதனையை மட்டும் எழுதிவிட்டு ஏக்கர்ஸை விட்டுவிடுகிற விடைத்தாள்கள் நிறைய வருகின்றன.