மாதிரி நேரத்தைக் குறைத்ததும் கட்டுப்பாட்டு விசை வெடிப்பது ஏன்?

"இரட்டைத் தொகையி அமைப்புக்கு டெட்பீட் கட்டுப்படுத்தி அமைத்தேன். T = 0.1 விநாடியை 0.01 ஆக்கியதும் u பல ஆயிரமாகிறது. என் இயக்கியின் எல்லை ±5. எங்கே தவறு?"

கணக்கில் தவறில்லை; கேட்டதைத்தான் அது தருகிறது. இரு முனைகளையும் z = 0 இல் வைத்தால், u = −Kx என்ற விதிக்கு K = [1/T², 3/(2T)] கிடைக்கும். நிலை 1, வேகம் 0 என்று தொடங்கி T = 0.1 எனில், முதல் படியில் u = −100; அப்போது நிலை 0.5, வேகம் −10 ஆகும், அடுத்த படியில் u = +100 இரண்டையும் சுழியாக்கிவிடும். T = 0.01 எனில் அதே தூரத்தை 0.02 விநாடிக்குள் கடந்து நிற்க வேண்டியிருப்பதால், தேவை ±10,000 ஆகிறது. அளவீட்டில் 0.01 அளவு இரைச்சல் இருந்தாலே u 100 அளவுக்கு ஆடும். ஓய்வுநிலையிலும் u எல்லைகளுக்கிடையே துள்ளுவதை வைத்து இதைக் கண்டுகொள்ளலாம்.

டெட்பீட்டே வேண்டுமானால், d தொலைவுக்கு d/T² ≤ 5 என்பதிலிருந்து T-ஐத் தேர்ந்தெடுங்கள். d = 1 எனில் T சுமார் 0.45, இரண்டு படிகளில், அதாவது 0.9 விநாடியில் முடியும். அந்த எல்லைக்குள் எந்தக் கட்டுப்படுத்தியும் இதைவிட விரைவாக முடிக்க இயலாது என்பது கவனிக்கத்தக்கது. T = 0.01 கட்டாயமெனில், இரு முனைகளையும் 0.98 இல் வையுங்கள்: K = [4, 3.98], தொடக்க விசை 4 மட்டுமே, அடங்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும்.