எடுத்தது 100, குறைந்தது 160

வணக்கம் மேடம். என் மகள் எட்டாம் வகுப்பு, மகனுக்கு 8 வயது. பொங்கலுக்குத் தாத்தாவும் மாமாவும் கொடுத்ததில் அவனுக்கு 500 ரூபாய் சேர்ந்தது. கையில் காசு வந்தால் அன்றே கடைக்கு ஓடுகிறவன் அவன். "அதை என்கிட்ட குடு, தீபாவளி வரைக்கும் வாரா வாரம் 10 ரூபாய் சேர்த்து எழுதுறேன், பட்டாசு வாங்க 900 ரூபாய் ஆயிடும்" என்று அக்கா சொன்னாள். அவனும் கொடுத்துவிட்டான். பங்குனித் தேருக்குப் போனபோது ரிமோட் கார் வேண்டுமென்று அடம்பிடித்து 100 ரூபாய் வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் இவள் நோட்டில் 900ஐ அடித்துவிட்டு 740 என்று எழுதினாள். "எடுத்தது நூறுதானே, எப்படி நூத்தி அறுபது போச்சு? நீ ஏமாத்துறே" என்று ஒரே அழுகை. இப்போது மீதியையும் கேட்கிறான். முன்பும் அவனிடம் ஓர் உண்டியல் இருந்தது. போன வருஷம் சிலிண்டர் வாங்க அதிலிருந்து 300 எடுத்தேன், திருப்பிப் போட மறந்தே போச்சு. அதற்குப் பிறகு அவன் உண்டியலில் எதுவும் போடுவதில்லை. அக்கா தம்பிக்குள் இப்படி வட்டிக் கணக்குப் பார்ப்பது சரிதானா? பாட்டியிடமே வட்டி கேட்கிறான், மேடம்.

- ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் கணக்கில் தப்பே இல்லை. 500 ரூபாய் 10 வாரம் இருந்ததற்கு 100 ரூபாய். மீதி 400 தீபாவளி வரை இன்னும் 30 வாரம் இருந்தால் வாரம் 8 வீதம் 240. எல்லாம் சேர்த்தால் 740தான் வரும். ஆனால் அந்தக் கணக்கைப் பணம் கைமாறிய பிறகு காட்டியிருக்கிறாள். அந்த வயதில் அது தண்டனையாகத்தான் தெரியும்.

இன்றே ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளைத் தரையில் வரிசையாக வைக்கட்டும். ஒரு ஞாயிறு வந்ததாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டின் மேலும் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தைத் தம்பியே வைக்கட்டும். அடுத்த ஞாயிறுக்கும் அப்படியே. பிறகு ஒரு நோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி நாணயம் வைக்கச் சொல்லுங்கள். வைக்க ஐந்தாவது இடம் இருக்காது. தேரில் போனது ஒரு நோட்டு மட்டுமல்ல, அதன் மேல் இனி வந்திருக்க வேண்டிய 30 ஞாயிற்றுக்கிழமை நாணயங்களும் என்பது அப்போது அவன் கண்ணுக்கே தெரியும். பணத்தின் கால மதிப்பு என்று பெரிய வகுப்பில் படிப்பது இதைத்தான். இன்றைய 100ம் தீபாவளி அன்றைய 100ம் ஒன்றல்ல. உங்கள் வீட்டு விகிதப்படி தேர் அன்றைய 100க்குச் சமம் தீபாவளி அன்றைய 160.

ஆனால் அவன் மனதில் இதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிப் போன அந்த 300 ரூபாய்தான். 2013ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 28 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று பெரியவர் சொல்லிப் போவார். ஒரு பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார், மறுபாதிக்கு வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அதன்பின் எல்லோர் முன்பும் ஒரு மிட்டாயை வைத்து, நான் வரும் வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு என்றார். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். மற்றவர்கள் சுமார் 3 நிமிடம்தான். உங்கள் மகன் கடைக்கு ஓடுவதைப் பொறுமை இல்லாத குணம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வைத்த காசு திரும்பி வராது என்பது அவன் இந்த வீட்டில் கண்டது. அப்படிக் கண்டவன் உடனே செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது.

அதனால் அந்த 300ஐ இந்த ஞாயிறே அவன் கையில் கொடுங்கள். கூட ஒரு 30 ரூபாயும் கொடுத்து, "உன் காசு இருந்ததால்தான் அன்றைக்கு சிலிண்டர் வந்தது, ஒரு வருஷம் அது எனக்கு உதவியது, அதுக்குத்தான் இது" என்று சொல்லுங்கள். அக்கா தரும் வட்டி ஏன் வருகிறது என்று அவனுக்கு இதுவரை புரிய வழியில்லை. சும்மா இருந்ததற்குக் கிடைக்கும் பரிசு என்றுதான் நினைத்திருப்பான். ஒருவர் காசை இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டார், அந்தக் காலத்துக்கு ஒரு விலை உண்டு என்பது சிலிண்டரோடு சேர்த்துச் சொன்னால் எட்டு வயதுக்குப் புரியும்.

அடுத்து, 40 வாரம் அவனுக்கு மிக நீளம். மகளைக் கேட்கச் சொல்லுங்கள்: "இன்னைக்கு 10 ரூபாயா, அடுத்த ஞாயிறு 11 ரூபாயா?" இன்றைக்கே என்பான். 12, 13, 15 என்று ஏற்றிக்கொண்டே போகட்டும். எந்த எண்ணில் சரி, காத்திருக்கிறேன் என்கிறானோ, அதுதான் ஒரு வாரம் காத்திருக்க அவன் கேட்கும் விலை. அது 15 என்று வந்தால், நூறுக்கு வாரம் இரண்டு ரூபாய் அவனை ஏன் பிடித்து நிறுத்தவில்லை என்று அக்காவுக்கே விளங்கும். பிறகு இதையே, "நாலு வாரம் கழிச்சு 10ஆ, அஞ்சு வாரம் கழிச்சு 12ஆ?" என்று மாற்றிக் கேட்கட்டும். இன்றைக்கே வேண்டும் என்ற அதே பிள்ளை 12ஐக் கேட்க வாய்ப்பு அதிகம். பொருள் கண்ணெதிரே இல்லாதபோது பெரியவர்களும் அப்படித்தான் முடிவெடுக்கிறோம். ஆகவே எவ்வளவு எடுப்பது என்பதை ரிமோட் கார் கடை முன்னால் நின்று பேசக் கூடாது. திருவிழாவுக்கு முந்தின நாள், வீட்டில், நோட்டைப் பார்த்தபடி அவனே சொல்லட்டும். அவன் சொன்ன தொகையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுங்கள்.

தவணையை முதலில் இரண்டு வாரம் வையுங்கள், அது நன்றாக முடிந்தால் ஒரு மாதம். வட்டியை நோட்டில் மட்டும் எழுதாமல் ஞாயிறுதோறும் நாணயமாகக் கொடுக்கட்டும், அவன் ஒரு டம்ளரில் போட்டு வைக்கட்டும். இன்னொன்று, 500க்கு 40 வாரத்தில் 400 ரூபாய் வட்டியை எட்டாம் வகுப்புப் பெண் எங்கிருந்து கொடுப்பாள்? சொன்னபடி கொடுக்க முடியாமல் போனால் உண்டியல் கதைதான் மறுபடியும் நடக்கும். அந்த வார வட்டியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இது வீட்டில் பழகுவதற்கான விகிதம், வெளியில் இவ்வளவு கிடைக்காது என்றும் அவனிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தால் 500 ரூபாய்க்கு ஒரு வருடம் முழுக்க 30 ரூபாய்தான் வரும். வாரம் 10 ரூபாய் சாதாரணம் என்ற நினைப்போடு வளர்ந்தால், நாளைக்கு யாராவது அப்படி ஆசை காட்டும்போது நம்பிவிடுவான்.

பாட்டியிடம் வட்டி கேட்பதற்குக் கோபப்பட வேண்டாம். முன்கூட்டியே பேசி வைத்த காசுக்கு மட்டும்தான் வட்டி, பாட்டி ஆசையாகக் கொடுப்பதற்கும் அவன் பாட்டிக்குச் செய்யும் உதவிக்கும் கணக்குக் கிடையாது என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். இதை அக்கா சொன்னால் இன்னும் எளிதாக ஏற்பான்.

10 வயது நிறைந்த பிள்ளைகள் அஞ்சலகத்தில் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்து நடத்தலாம். உங்கள் மகள் இப்போதே தொடங்கலாம். போகும்போது தம்பியையும் கூட்டிப் போகட்டும், பாஸ்புக்கில் வட்டி எந்த வரியில் ஏறுகிறது என்று அவன் பார்க்கட்டும்.